மூன்றாவது விசை எங்கே போகிறது?

ஓடி, தாவி, சுட வேண்டிய ஒரு கணினி விளையாட்டு. மேல் அம்பு விசையை அழுத்தினால் தாவும், இடது வலது அம்புகளால் நகரும், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சுடும். வலப்பக்கமாகத் தாவியபடி சுடுகிறீர்கள், குண்டு பாய்கிறது. அதே போல இடப்பக்கமாகத் தாவியபடி ஸ்பேஸைத் தட்டுகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினாலும் இல்லை. இடது அம்பிலிருந்து விரலை எடுத்ததும், அழுத்தி வைத்திருந்த ஸ்பேஸ் அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல வேலை செய்கிறது. அதற்குள் எதிரி நம்மை முடித்துவிட்டிருப்பான்.

மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் ஆகிய மூன்றும் சேராமல் போவது பல கீபோர்டுகளில் காணப்படும் பழைய சிக்கல். இதைச் சந்திப்பவர்கள் முதலில் விளையாட்டைக் குறை சொல்வார்கள், பிறகு கணினி மெதுவாக இருக்கிறது என்பார்கள், கடைசியில் ஸ்பேஸ் பார் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, அதே விலையில் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கி வருவார்கள். புதியதிலும் அப்படியே இருக்கலாம், அல்லது வேறு மூன்று விசைகள் சேராமல் போகலாம். எந்த விசையும் கெட்டுப்போகவில்லை. கீபோர்டின் உள்ளே கம்பிகள் ஓடும் விதத்தில்தான் காரணம் இருக்கிறது. அது புரிந்துவிட்டால், பெரும்பாலும் செலவே இல்லாமல் சரிசெய்துகொள்ளலாம்.

சாதாரண கீபோர்டைக் கழற்றிப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருப்பார்கள். நடுத்தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு ஓட்டை. விசையை அழுத்தும்போது மேல் தாள் அந்த ஓட்டை வழியே வளைந்து கீழ்த் தாளைத் தொடும். அந்த இடத்தில் இரண்டு கோடுகள் இணைகின்றன. விசையின் வேலை அவ்வளவுதான்.

முழு அளவு கீபோர்டில் 104 விசைகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி போட்டால் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சில்லுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கால்கள் வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கக் கோடுகளைக் கட்டம் கட்டமாக அமைக்கிறார்கள். நெடுக்காகப் பதினெட்டு, குறுக்காக எட்டு என்று வைத்தால் 144 சந்திப்புகள் கிடைக்கும். 104 விசைகளை அவற்றில் உட்கார வைத்துவிடலாம், 26 கம்பிகள் போதும். சினிமா தியேட்டரில் வரிசையின் எழுத்தையும் இருக்கையின் எண்ணையும் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவது போல, நெடுக்குக் கோடு எது, குறுக்குக் கோடு எது என்று தெரிந்தால் எந்த விசை என்று தெரிந்துவிடும்.

சில்லு இதை ஓயாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறது. முதல் நெடுக்குக் கோட்டில் மட்டும் ஒரு மின்குறியை விட்டு, எட்டுக் குறுக்குக் கோடுகளில் எதிலாவது அது வந்து சேர்கிறதா என்று பார்க்கும். அடுத்து இரண்டாவது நெடுக்குக் கோடு, பிறகு மூன்றாவது. பதினெட்டையும் முடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். இந்தச் சுற்று நொடிக்குப் பல நூறு தடவை நடக்கும். விரல் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் சுற்று அதை முந்திவிடும். ஆகவே விசை தவறுவதற்கு வேகம் காரணமில்லை.

ஒரே ஒரு விசை அழுத்தப்பட்டால் குழப்பமில்லை. இரண்டு விசைகளிலும் குழப்பமில்லை. மூன்றாவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. நாம் பார்த்த சிக்கலையே எடுத்துக்கொள்வோம். கம்பிகளின் அமைப்பு மாடலுக்கு மாடல் மாறும். ஒரு கீபோர்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் அம்பு, ஐந்தாம் நெடுக்கும் இரண்டாம் குறுக்கும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. இடது அம்பு, எட்டாம் நெடுக்கும் அதே இரண்டாம் குறுக்கும் சந்திக்கும் இடத்தில். ஸ்பேஸ், ஐந்தாம் நெடுக்கும் ஆறாம் குறுக்கும் சந்திக்கும் இடத்தில். தாளில் வரைந்து பார்த்தால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகள் தெரியும். நான்காவது மூலை எட்டாம் நெடுக்கும் ஆறாம் குறுக்கும் சந்திக்கும் இடம். அங்கே N விசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை யாரும் தொடவில்லை.

இப்போது சில்லு எட்டாம் நெடுக்கில் மின்குறியை விடுகிறது. இடது அம்பு அழுத்தப்பட்டிருப்பதால் அது இரண்டாம் குறுக்குக்கு இறங்குகிறது. இதுவரை சரி. ஆனால் அதே இரண்டாம் குறுக்கில் மேல் அம்பும் அழுத்தப்பட்டிருக்கிறது. மின்குறி அந்த வழியாகப் பின்னோக்கி ஏறி ஐந்தாம் நெடுக்குக்குப் போய்விடுகிறது. அங்கே ஸ்பேஸ் அழுத்தப்பட்டிருக்கிறது. அதன் வழியே ஆறாம் குறுக்குக்கு இறங்கிவிடுகிறது. சில்லுக்குத் தெரிவது இவ்வளவுதான்: எட்டாம் நெடுக்கில் விட்டது ஆறாம் குறுக்கிலும் வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் N அழுத்தப்பட்டிருக்கிறது. அழுத்தாத விசை அழுத்தியதாகத் தெரியும் இந்த மாயத்தைத்தான் கோஸ்டிங் என்கிறார்கள்.

சில்லின் நிலைமையில் நின்று யோசித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. மேல் அம்பும் இடது அம்பும் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருப்பது அதற்குத் தெரியும். அடுத்த சுற்றில் ஸ்பேஸ், N இரண்டும் ஒரே நேரத்தில் புதிதாகத் தெரிகின்றன. அழுத்தியது ஸ்பேஸாக இருக்கலாம், N ஆக இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் கம்பிகளில் தெரிவது ஒரே படம்தான். எவ்வளவு வேகமான சில்லைப் போட்டாலும், எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நிரல் எழுதினாலும், அந்தப் படத்தில் இல்லாத தகவலை வெளியே எடுக்க முடியாது.

ஆகவே கீபோர்டு செய்பவர்களுக்கு இரண்டே வழிகள். தெரிவதையெல்லாம் அப்படியே கணினிக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பினால், கடிதம் தட்டச்சு செய்பவரின் வரிகளுக்கு நடுவே அவர் தொடாத எழுத்துகள் வந்து விழும். அதைவிடப் பாதுகாப்பானது, சந்தேகம் வந்ததும் புதிதாகத் தெரியும் விசைகளை ஏற்காமல் விடுவது. இன்று விற்கும் கீபோர்டுகளில் பொதுவாக இரண்டாவது வழிதான். அதனால் விளையாட்டில் நமக்கு எதிர்ப்படுவது பெரும்பாலும் மாய விசை அல்ல, தொலைந்த விசை. ஆனால் பேச்சில் இரண்டுக்குமே கோஸ்டிங் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தொலைவது எப்போதும் கடைசியாக வந்த விசை என்பதைக் கவனியுங்கள். முதல் இரண்டும் குழப்பமில்லாமல் பதிவாகிவிட்டன, செவ்வகத்தை முடித்த மூன்றாவதுதான் மாட்டிக்கொள்கிறது. ஓடுவதற்கும் தாவுவதற்குமான விசைகளை முதலில் அழுத்திவிட்டுச் சுடுவதைக் கடைசியில் செய்வதால் ஸ்பேஸ் பார்மீது பழி விழுகிறது. ஸ்பேஸை முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிறகு இரண்டு அம்புகளையும் அழுத்திப் பாருங்கள். இப்போது ஸ்பேஸ் வேலை செய்யும், அம்புகளில் பின்னால் வந்தது காணாமல் போகும். தேய்ந்துபோன விசைக்கும் கம்பிக் குழப்பத்துக்கும் வித்தியாசம் காண இதைவிட எளிய சோதனை கிடையாது. தேய்ந்த விசை தனியாக அழுத்தினாலும் தவறும். கம்பிக் குழப்பத்தில் எல்லா விசைகளும் தனித்தனியே ஒழுங்காக இருக்கும், வரிசை மாறினால் தொலைவதும் மாறும்.

வலது பக்கம் மட்டும் ஏன் சரியாக வருகிறது? நம் எடுத்துக்காட்டில் வலது அம்பு ஒன்பதாம் நெடுக்கும் நான்காம் குறுக்கும் சந்திக்கும் இடத்தில் இருக்கட்டும். மேல் அம்புடனோ ஸ்பேஸுடனோ அது எந்தக் கோட்டையும் பகிர்ந்துகொள்ளவில்லை. செவ்வகம் உருவாகவில்லை, மின்குறிக்குச் சுற்றி வர வழியில்லை. இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. ஒரே குறுக்குக் கோட்டில் இருக்கும் விசைகள் ஐந்து ஆறைக்கூட ஒன்றாக அழுத்தலாம், குழப்பம் வராது. செவ்வகம் உண்டாக இரண்டாவது குறுக்குக் கோடு ஒன்று வேண்டும். அதனால் "இந்தக் கீபோர்டில் எத்தனை விசை ஒன்றாக அழுத்தலாம்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் சொல்ல முடியாது. ஒரே கீபோர்டு எட்டு விசைகளை ஏற்றுக்கொள்ளும், வேறு மூன்றில் தடுமாறும். எந்த விசைகளை எடுத்தாலும் தவறாது என்று உறுதி தரக்கூடிய எண்ணிக்கையைத்தான் ரோல்ஓவர் என்று குறிப்பிடுகிறார்கள். சாதாரணத் தாள் கீபோர்டுகளுக்கும் பெரும்பாலான மடிக்கணினிகளுக்கும் அந்த எண் இரண்டு.

இரண்டு என்றால் மிகக் குறைவாகத் தோன்றலாம். தட்டச்சுக்கு அது போதும். வேகமாகத் தட்டுபவர் ஒரு விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே அடுத்ததை அழுத்திவிடுவார், ஆனால் மூன்று எழுத்துகள் ஒன்றாக அழுந்துவது அரிது. ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் ஆகியவை மற்ற விசைகளுடன் சேர்ந்தே பயன்படுவதால் அவற்றுக்குப் பொதுவாகத் தனிக் கோடுகள் ஒதுக்கிவிடுவார்கள். கம்பிகளை வகுத்தவர் மனத்தில் இருந்தது அலுவலகக் கடிதம். விளையாட்டுக்காரரின் இடக்கை அவர் கணக்கில் இல்லை.

இந்தக் குறை மிகக் கடுமையாக வெளிப்படுவது ஒரே கீபோர்டில் இருவர் விளையாடும்போது. 2009-ல் இணையத்தில் வெளிவந்து, பள்ளிப் பிள்ளைகளிடம் உலகம் முழுக்கப் பரவிய ஃபயர்பாய் அண்ட் வாட்டர்கேர்ள் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அம்பு விசைகள், இன்னொருவருக்கு A, W, D. ஆளுக்கு இரண்டு விசைகள் அழுத்தினாலே நான்காகிவிடுகிறது. செவ்வகம் உருவாகும் வாய்ப்பு பல மடங்கு. இங்கே தொலைவது கடைசியாக அழுத்தியவரின் விசை. அண்ணன் ஓடித் தாவிக்கொண்டிருக்கும் நேரத்தில் தங்கை W-வை அழுத்தினால் அவள் பாத்திரம் தாவாமல் குழியில் விழும். "நான் அழுத்தினேன்" என்று அவள் சொல்வாள், "நீ அழுத்தவில்லை" என்று அவன் சொல்வான். அவள் சொல்வதுதான் உண்மை. அவள் விரல் அழுத்தியதைக் கீபோர்டு கணினியிடம் சொல்லவேயில்லை.

தடுமாற்றம் இன்னொரு வடிவிலும் வரும். யூஎஸ்பி கீபோர்டுகளுக்கான விதிமுறையில், எந்த விசைகள் என்று பிரித்தறிய முடியாத நிலை வந்தால் அதைக் கணினிக்குத் தெரிவிக்க ஒரு தனிக்குறி உண்டு. விசை எண்களுக்குரிய ஆறு இடங்களிலும் 1 என்று நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தக் குறியைப் பெற்ற கணினி, முந்தைய நிலையை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குக் காத்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு விசையிலிருந்து விரலை எடுத்தாலும் அந்தச் செய்தி போய்ச்சேராது. விரலை எடுத்த பிறகும் பாத்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இதுவரை பார்த்தது கம்பிகளின் எல்லை. இதிலிருந்து முற்றிலும் வேறான இரண்டாவது எல்லை ஒன்று உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான பொருளை வாங்கிவிடுகிறார்கள்.

யூஎஸ்பி கீபோர்டு கணினிக்கு அனுப்பும் எளிய வடிவச் செய்தியில் எட்டு பைட்டுகள் இருக்கும். முதல் பைட்டில் இருபுறமும் உள்ள ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் என எட்டு விசைகளுக்கு ஆளுக்கு ஒரு பிட். இரண்டாவது பைட் பயன்பாட்டில் இல்லை. மீதி ஆறு பைட்டுகளில் ஆறு விசைகளின் எண்கள். கணினி தொடங்கும் நேரத்தில், விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸ் திரையில் கீபோர்டு வேலை செய்ய வேண்டும் அல்லவா? அந்த எளிய நிரலுக்கும் புரியும்படி வகுத்த வடிவம் இது. ஏழாவது விசைக்கு இதில் இடமே இல்லை. கம்பிகள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்த வடிவத்தை மட்டும் பேசும் கீபோர்டால் ஷிஃப்ட் வகை விசைகள் நீங்கலாக ஆறுக்கு மேல் சொல்ல முடியாது.

இரண்டு எல்லைகளையும் பிரித்தறிவது எளிது. மூன்று நான்கு விசைகளிலேயே, அதுவும் குறிப்பிட்ட சேர்க்கைகளில் மட்டும் தவறினால் அது கம்பி. எந்த விசைகளை எடுத்தாலும் ஆறு வரை சரியாக வந்து ஏழாவதில் நின்றால் அது செய்தியின் வடிவம். துப்பாக்கி விளையாட்டுகளில் தனியாக ஆடுபவர் ஏழு விசைகளைத் தொடுவதே அரிது. இசைக்கேற்ப ஏழெட்டு விசைகளைத் தட்டும் தாள விளையாட்டுகளிலும், இருவர் ஒரே கீபோர்டில் மோதும் சண்டை விளையாட்டுகளிலும்தான் ஆறு போதாமல் போகும். பழைய உருண்டை முனைப் பிஎஸ்/2 இணைப்பில் ஒவ்வொரு விசையும் அழுந்துவதையும் விடுபடுவதையும் தனித்தனியே அனுப்புவதால் இந்த ஆறின் எல்லை கிடையாது. அதைக் கேள்விப்பட்டு மலிவான தாள் கீபோர்டைப் பிஎஸ்/2-வில் செருகிப் பார்ப்பவர்களுக்குப் பலன் இருக்காது. அவர்களைத் தடுப்பது கம்பி.

கம்பிக் குழப்பத்துக்கு முழுத் தீர்வு எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நம் எடுத்துக்காட்டில் மின்குறி சென்ற பாதையைத் திரும்பப் பாருங்கள். இடது அம்பில் நெடுக்கிலிருந்து குறுக்குக்கு இறங்கியது, மேல் அம்பில் குறுக்கிலிருந்து நெடுக்குக்கு ஏறியது, ஸ்பேஸில் மறுபடி இறங்கியது. நடுவில் ஒரு விசையில் தலைகீழாகப் பாயாமல் கோஸ்டிங் நிகழவே முடியாது. ஒவ்வொரு விசையோடும் ஒரு டையோடைச் சேர்த்துவிட்டால் மின்சாரம் ஒரே திசையில்தான் போகும், ஏறுவதற்கு வழி அடைபட்டுவிடும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 1N4148 என்று கேட்டால் கிடைக்கும் கண்ணாடிக் குழாய் வடிவச் சிறு டையோடே போதும். சொந்தமாகக் கீபோர்டு கட்டுபவர்கள் இதைத்தான் விசைக்கு ஒன்றாகப் பற்றவைக்கிறார்கள். எல்லா விசைகளையும் ஒன்றாக அழுத்தினாலும் எல்லாம் தெரியும். இதற்கு என்-கீ ரோல்ஓவர் என்று பெயர். யூஎஸ்பி வழியாக இத்தனையையும் அனுப்ப, ஆறு எண்களுக்குப் பதிலாக விசைக்கு ஒரு பிட் என்று நீளமான செய்தியை அனுப்புவார்கள். சில கீபோர்டுகள் ஒரே கம்பியில் இரண்டு மூன்று கீபோர்டுகளாகத் தங்களைக் காட்டிக்கொண்டு விசைகளைப் பங்கிட்டு அனுப்புவதும் உண்டு.

அப்படியானால் எல்லாக் கீபோர்டுகளிலும் டையோடு ஏன் இல்லை? பிளாஸ்டிக் தாளில் டையோடைப் பற்றவைக்க முடியாது. அதற்குச் சர்க்யூட் போர்டு வேண்டும், விசைக்கு ஒரு தனி ஸ்விட்ச் வேண்டும், விலை ஏறிவிடும். ஐபிஎம் நிறுவனமே இந்தப் பாதையில் ஒரு முறை பின்னோக்கி நடந்திருக்கிறது. 1981-ல் அதன் முதல் பிசியோடு வந்த மாடல் எஃப் கீபோர்டு, மின்தேக்க மாற்றத்தை அளந்து விசையை அறிந்தது. எல்லா விசைகளையும் ஒன்றாக அறியும் திறன் அந்த அமைப்புக்கு இருந்தது. 1985-ல் வந்த மாடல் எம், செலவைக் குறைக்கத் தாள் முறைக்கு மாறியது, அதன் உறுதி இரண்டு விசைகளாகச் சுருங்கியது. இன்றைக்கும் பலர் தேடி வாங்கிப் போற்றும் கீபோர்டு அது, தட்டச்சுக்கு அருமையானது. வேகமான விளையாட்டுக்கு உகந்ததல்ல.

தாளை வைத்துக்கொண்டே தீர்வு காணவும் முயன்றிருக்கிறார்கள். ஒவ்வொரு விசையின் இடத்திலும் மின்தடை உள்ள மையை அச்சிட்டுவிட்டால், நேராக வரும் மின்சாரமும் மூன்று விசைகளைச் சுற்றி வரும் மின்சாரமும் அளவில் வேறுபடும். அந்த அளவை அளந்து உண்மையான விசையைப் பிரித்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 2010-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த சைட்வைண்டர் எக்ஸ்4 கீபோர்டு இந்த முறையில் அமைந்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது, ஆனால் பரவலாகவில்லை.

பரவலானது வேறொன்று. விலை குறைந்த "கேமிங்" கீபோர்டுகளின் பெட்டியில் 19 விசை ஆன்டி-கோஸ்டிங், 26 விசை ஆன்டி-கோஸ்டிங் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை தாள் கீபோர்டுகளே. W, A, S, D, அவற்றைச் சுற்றியுள்ள விசைகள், ஸ்பேஸ், அம்புகள் ஆகியவற்றுக்கு மட்டும் தங்களுக்குள் செவ்வகம் வராதபடி கோடுகளை மாற்றி ஓட்டியிருப்பார்கள். அந்த விசைகளுக்கு அது உண்மையான முன்னேற்றம், ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து, எந்த 26 விசைகளையும் ஒன்றாக அழுத்தலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். குறித்த பகுதிக்கு வெளியே P, O, K, L போன்ற விசைகளில் பழைய குழப்பம் அப்படியே இருக்கலாம். மெக்கானிக்கல் போன்ற ஒலியும் வண்ண விளக்குகளும் இருப்பதால் உள்ளே டையோடு இருக்கிறது என்று பொருளில்லை. பெட்டியில் என்-கீ ரோல்ஓவர் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

உங்கள் கீபோர்டின் நிலைமையைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். நோட்பேடைத் திறந்து, விளையாட்டில் அழுத்திப் பிடிக்கும் இரண்டு விசைகளைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைத் தட்டுங்கள். W, D இரண்டையும் பிடித்துக்கொண்டு Q, E, R, F, ஸ்பேஸ் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம். திரையில் வராத எழுத்து அந்தச் சேர்க்கையில் தொலைகிறது. பிறகு W, A பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். இன்னொரு பிரபலமான சோதனை, இரண்டு பக்க ஷிஃப்ட் விசைகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு A முதல் Z வரை தட்டிப் பார்ப்பது. பல கீபோர்டுகளில் இடையிடையே எழுத்துகள் விழாமல் போகும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு `evtest` என்ற கட்டளை இன்னும் தெளிவாகக் காட்டும். மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றையும் அழுத்தும்போது இப்படி மூன்று வரிகள் வர வேண்டும்:

```
type 1 (EV_KEY), code 103 (KEY_UP), value 1
type 1 (EV_KEY), code 105 (KEY_LEFT), value 1
type 1 (EV_KEY), code 57 (KEY_SPACE), value 1
```

கடைசியில் உள்ள 1 அழுத்தியதைக் குறிக்கும், விரலை எடுக்கும்போது 0 வரும். மூன்றாம் வரி வரவில்லையென்றால் கீபோர்டே அதைச் சொல்லவில்லை, விளையாட்டின்மீது குற்றமில்லை. மூன்று வரிகளும் வந்தும் விளையாட்டில் சுடவில்லையென்றால் குறையை விளையாட்டின் அமைப்புகளில் தேட வேண்டும்.

விண்டோஸில் வேறொரு வசதியையும் சரிபார்த்துவிடுங்கள். ஷிஃப்டை ஐந்து முறை அடுத்தடுத்துத் தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பற்றிய அறிவிப்பு வரும். வலது ஷிஃப்டை எட்டு நொடி பிடித்திருந்தால் ஃபில்டர் கீஸ் வரும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்த பயனுள்ள ஏற்பாடு அது, குறுகிய தட்டல்களை வேண்டுமென்றே ஏற்காமல் விடும். ஷிஃப்டைப் பிடித்து ஓடும் விளையாட்டில் தெரியாமல் "சரி" கொடுத்துவிட்டால், எந்தச் சேர்க்கையானாலும் விசைகள் தவறும். தனி விசையையும் சட்டென்று தட்டினால் எழுத்து வராது, சற்றுப் பிடித்திருந்தால்தான் வரும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

தொலையும் சேர்க்கை தெரிந்துவிட்டால் அடுத்த வேலை விளையாட்டின் அமைப்புகளில் விசையை மாற்றுவது. சுடுவதை ஸ்பேஸிலிருந்து கன்ட்ரோலுக்கோ ஷிஃப்டுக்கோ மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், அவை தனிக் கோட்டில் இருப்பதால். அதுவும் சரிப்படாவிட்டால் அருகில் உள்ள இன்னொரு விசையை நோட்பேடில் சோதித்துவிட்டு மாற்றுங்கள். விசைகளை மாற்ற இடம் தராத விளையாட்டு என்றால், அம்புகளுக்கும் W, A, S, D-க்கும் இடையில் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

இருவர் விளையாடும் வீட்டுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. பரணில் கிடக்கும் பழைய யூஎஸ்பி கீபோர்டை எடுத்து அதே கணினியில் இரண்டாவதாகச் செருகிவிடுங்கள். எந்த மென்பொருளும் தேவையில்லை, இரண்டிலிருந்து வருவதையும் விண்டோஸ் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். ஒருவர் முதல் கீபோர்டில் அம்புகளைப் பயன்படுத்தட்டும், மற்றவர் இரண்டாவதில் A, W, D. ஒவ்வொரு கீபோர்டிலும் கோடுகள் தனி, சில்லு தனி, ஆறு விசை எல்லையும் தனி. ஒருவர் விசை மற்றவர் விசையைத் தடுக்க இனி வழியே இல்லை. மடிக்கணினியிலும் இதே போல வெளிக் கீபோர்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால், கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் கீபோர்டில் உங்கள் விளையாட்டின் விசைகளையே பிடித்துச் சோதித்துப் பாருங்கள். வேறொருவருக்குச் சரியாக இருந்த கீபோர்டு உங்கள் சேர்க்கையில் தவறலாம். விளையாடாதவர்களிலும் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. பார்வையற்றோர் பலர் S, D, F, J, K, L ஆறு விசைகளையும் பிரெய்லின் ஆறு புள்ளிகளாகக் கொண்டு, ஓர் எழுத்துக்குரிய புள்ளிகளை ஒரே அழுத்தலில் தட்டுகிறார்கள். ஒரு விசை தொலைந்தால் அங்கே வேறு எழுத்து விழுந்துவிடும். அவர்களுக்குக் கீபோர்டு வாங்கித் தருபவர்கள் அந்த ஆறு விசைகளையும் ஒன்றாக அழுத்தி, ஆறு எழுத்துகளும் திரையில் வருகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.